போட்டோவில் வந்த தொடர்வரிசை: ரெக்கரன்ஸ் கண்டுபிடித்து நேரடிச் சூத்திரம் எழுதுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொழிஞ்சாம்பாறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும், வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டிக் கோவைப் பக்கம் படிக்கப் போகிற பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் வினாத்தாளைப் படமெடுத்து அனுப்புவார்கள். பல்கலைக்கழகம் வேறு, பாடத்திட்டம் வேறு, ஆனால் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "அடுத்த உறுப்பைக் காண்க, n-ஆவது உறுப்புக்குச் சூத்திரம் எழுதுக" என்று ஒரு வரி, கீழே சில எண்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வரிசையை வைத்துத்தான் பேசப்போகிறேன்:

```
3, 8, 22, 62, 178, 518, …
```

போனில் தட்டும்போது கீழொட்டு எழுத வராது. அதனால் எல்லா இடத்திலும் a(n) என்றே எழுதுகிறேன். முதல் எண் a(0).

"சார், படத்துல எண் மட்டும்தான் இருக்கு. ரெக்கரன்ஸ் எதுவும் கொடுக்கல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய இரண்டு எண்களிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். அதாவது a(n) = p·a(n−1) + q·a(n−2). p, q இரண்டும் தெரியாது, ஆகவே இரண்டு சமன்பாடு வேண்டும். முதல் நான்கு எண்களிலேயே அவை கிடைத்துவிடும்:

```
22 =  8p + 3q
62 = 22p + 8q
```

முதல் சமன்பாட்டை 8-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்கினால் 176 = 64p + 24q, 186 = 66p + 24q. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 10 = 2p, அதாவது p = 5. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் 22 = 40 + 3q, q = −6. ஆக ரெக்கரன்ஸ் இதுதான்:

```
a(n) = 5a(n−1) − 6a(n−2)
```

இதோடு வேலை முடியவில்லை. நான்கு எண்களைக் கொடுத்து இரண்டு கெழுக்களை வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். அந்த நான்கு எண்களும் இந்த ரெக்கரன்ஸுக்குப் பொருந்தித்தான் ஆகும், பொருந்தும்படி நாமே செய்ததுதானே. உண்மையான பரிசோதனை ஐந்தாவது எண்ணில் நடக்கிறது. 5·62 − 6·22 = 310 − 132 = 178. சரி. ஆறாவது: 5·178 − 6·62 = 890 − 372 = 518. அதுவும் சரி. இனி நம்பலாம்.

"நாலாவது எண் மங்கலா இருந்துச்சு, 52-ன்னு எடுத்துக்கிட்டேன். p, q ரெண்டும் முழு எண்ணாவே வந்துச்சே சார், அப்போ சரிதானே?"

சரியில்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடுவோம்.

52 என்று எடுத்தால் p = −10, q = 34 என்று வரும். போட்டுப் பாருங்கள்: 8·(−10) + 3·34 = −80 + 102 = 22. அப்புறம் 22·(−10) + 8·34 = −220 + 272 = 52. இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன, பின்னம்கூடக் கிடையாது. ஆனால் அடுத்த உறுப்பு 52·(−10) + 22·34 = −520 + 748 = 228 என்று வருகிறது. படத்தில் இருப்பதோ 178.

பின்னம் வராததற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு சமன்பாட்டையும் தீர்க்கும்போது கடைசியில் வகுக்கிற எண் 8·8 − 3·22 = −2. மேலே நிற்கும் எண் இரட்டைப்படையாக இருந்தாலே முழு எண் வந்துவிடும். 52, 62, 82 எல்லாமே இரட்டைப்படை. அதனால் எதைப் போட்டாலும் p, q முழு எண்ணாகவே வரும். 82 போட்டால் p = 35, q = −86, அடுத்த உறுப்பு 978. முழு எண் வந்தது எதற்கும் சாட்சியில்லை.

ஓர் இலக்கம் தெரியவில்லை என்றால், தெரியக்கூடிய இரண்டு மூன்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, ஐந்தாவது உறுப்பு எதில் சரியாக வருகிறது என்று பார்ப்பதே வழி. இங்கே 62 மட்டும்தான் தேறுகிறது.

கால்குலேட்டர் கையில் இருந்தால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அடுத்தடுத்த எண்களின் விகிதத்தைப் பாருங்கள்: 8/3 = 2.67, 22/8 = 2.75, 62/22 = 2.82, 178/62 = 2.87, 518/178 = 2.91. மெல்ல மெல்ல 3-ஐ நோக்கி ஏறுகிறது. நடுவில் 62-க்குப் பதில் 52 இருந்தால் 52/22 = 2.36 என்று விழுந்து, அடுத்ததே 178/52 = 3.42 என்று எகிறும். ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு விகிதமும் இப்படிக் கெடும். எந்த எண்ணில் கோளாறு என்று அதிலேயே பிடிபட்டுவிடும்.

"இன்னொரு படத்துல ரெக்கரன்ஸே கொடுத்திருக்கு. ஆனா aₙ₊₁ போட்டிருக்கா, aₙ + 1 போட்டிருக்கான்னு தெரியல. எப்படி முடிவு பண்றது?"

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது கீழொட்டு எழுத்து மேலே ஏறி நிற்பதுபோல் தெரியும். உற்று உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கேள்வியிலேயே விடை இருக்கிறது. தொடக்க மதிப்புகள் எத்தனை கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

a(0) = 3, a(1) = 8 என்று இரண்டு கொடுத்திருந்தால், ஒவ்வொரு உறுப்புக்கும் முந்தைய இரண்டு உறுப்பு தேவைப்படுகிறது என்று பொருள். அப்படியானால் அது a(n+1) = 5a(n) − 6a(n−1) ஆகத்தான் இருக்கும். அதையே a(n) + 1 = 5a(n) − 6a(n−1) என்று படித்தால் 4a(n) = 6a(n−1) + 1 என்று சுருங்கிவிடுகிறது. முந்தைய உறுப்பு ஒன்று மட்டும் போதும், இரண்டாவது தொடக்க மதிப்புக்கு அங்கே வேலையே இல்லை. போதாக்குறைக்கு a(0) = 3-ஐப் போட்டால் a(1) = 19/4. கேள்வியோ a(1) = 8 என்கிறது. இரண்டும் முட்டிக்கொள்வதால் அந்த வாசிப்பு தப்பு.

"சிறப்பியல்புச் சமன்பாடுன்னு r² = 5r − 6 எழுதறோம். அது எங்கிருந்து வருது? மனப்பாடமாத்தான் போடறேன்."

காரணம் தெரிந்தால் மனப்பாடம் தேவைப்படாது. நம் வரிசையை எடுத்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் முந்தைய எண்ணின் இரு மடங்கைக் கழித்துப் பாருங்கள்:

```
8 − 6 = 2
22 − 16 = 6
62 − 44 = 18
178 − 124 = 54
518 − 356 = 162
```

2, 6, 18, 54, 162. மும்மும்மடங்காகப் போகிற பெருக்குத் தொடர்வரிசை. இப்போது இரு மடங்குக்குப் பதிலாக மூன்று மடங்கைக் கழித்தால் −1, −2, −4, −8, −16 வரும். இதுவும் பெருக்குத் தொடர்வரிசை, இரட்டித்துக்கொண்டே போகிறது. அதாவது நம் வரிசைக்குள் 2-இன் அடுக்குகளும் 3-இன் அடுக்குகளும் கலந்து கிடக்கின்றன. ஒன்றை வடிகட்டினால் மற்றது தனியாக வெளியே வருகிறது.

அந்த 2-ஐயும் 3-ஐயும் ஊகிக்காமல் கண்டுபிடிக்கத்தான் சிறப்பியல்புச் சமன்பாடு. ரெக்கரன்ஸுக்கு ஒத்துப்போகிற பெருக்குத் தொடர்வரிசை எது என்று கேட்கிறோம். a(n) = rⁿ என்று போட்டால் rⁿ = 5rⁿ⁻¹ − 6rⁿ⁻² வரும். r பூச்சியம் இல்லை, ஆகவே இரு பக்கத்தையும் rⁿ⁻²-ஆல் வகுக்கலாம்:

```
r² = 5r − 6
r² − 5r + 6 = 0
(r − 2)(r − 3) = 0
```

2ⁿ ஒரு தீர்வு, 3ⁿ ஒரு தீர்வு. ரெக்கரன்ஸில் உறுப்புகளை எண்ணால் பெருக்குவதும் கூட்டுவதும் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. வர்க்கம் இல்லை, உறுப்பை உறுப்பால் பெருக்குவது இல்லை. அதனால் A·2ⁿ + B·3ⁿ என்று எந்த விகிதத்தில் கலந்தாலும் அதுவும் ரெக்கரன்ஸுக்கு ஒத்துப்போகும். எந்த A, எந்த B என்பதைத் தொடக்க மதிப்புகள் இரண்டும் தீர்மானிக்கின்றன:

```
n = 0:  A + B = 3
n = 1:  2A + 3B = 8
```

B = 2, A = 1. ஆகவே a(n) = 2ⁿ + 2·3ⁿ. விகிதம் ஏன் 3-ஐ நோக்கிப் போனது என்பதும் இதிலேயே தெரிகிறது. n பெரிதாகப் பெரிதாக 3ⁿ மற்றதை அமுக்கிவிடும்.

குறியில் ஒரு கவனம் வேண்டும். எல்லாவற்றையும் இடப் பக்கம் கொண்டுவரும்போது −5, +6 என்று மாறுகிறது. அவசரத்தில் r² + 5r − 6 = 0 என்று எழுதிவிட்டால் மூலங்கள் 1, −6 என்று அழகாகக் காரணிப்பட்டே வரும், சந்தேகமே தோன்றாது. ஆனால் மூலம் −6 என்றால் வரிசை கூட்டல் கழித்தல் என்று மாறி மாறி ஆடியிருக்க வேண்டும். எல்லாம் கூட்டல் எண்ணாகவே இருக்கிற, விகிதம் 3-க்குக் கீழேயே நிற்கிற வரிசைக்கு −6 எப்படி வரும்?

"என் விடை 2ⁿ + 2·3ⁿ. விடைக்குறிப்புல 2ⁿ⁻¹ + 2·3ⁿ⁻¹ன்னு போட்டிருக்கு. யார் சொல்றது தப்பு?"

யாரும் தப்பில்லை. அவர்கள் 3-ஐ a(1) என்று எண்ணியிருக்கிறார்கள், நீங்கள் a(0) என்று எண்ணியிருக்கிறீர்கள். n = 1 என்று அவர்கள் சூத்திரத்தில் போட்டால் 1 + 2 = 3 வரும்.

a(1) = 3, a(2) = 8 என்று வைத்து நேராகத் தீர்த்தால் A = 1/2, B = 2/3 என்று பின்னம் வரும். பார்த்தவுடன் பயந்து அடித்துவிடாதீர்கள். ½·2ⁿ என்பது 2ⁿ⁻¹ தான், ⅔·3ⁿ என்பது 2·3ⁿ⁻¹ தான். வினாத்தாளில் "n ≥ 1" என்றோ "n ≥ 0" என்றோ எங்காவது ஓரத்தில் போட்டிருப்பார்கள். படமெடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த ஓரம்தான். அது கிடைக்கவில்லை என்றால், "முதல் உறுப்பு a(0) எனக் கொண்டால்" என்று விடைக்கு மேலே ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

"1, 4, 12, 32, 80, 192. இதுல மூலம் ரெண்டும் 2-ன்னே வருது. A·2ⁿ + B·2ⁿன்னு போட்டா சமன்பாடு தீரமாட்டேங்குது."

தீராது. A·2ⁿ + B·2ⁿ என்பது (A+B)·2ⁿ தான். ஒரே ஒரு மாறிலிதான் இருக்கிறது, இரண்டு தொடக்க மதிப்பை அது எப்படித் தாங்கும்?

உங்கள் ரெக்கரன்ஸ் a(n) = 4a(n−1) − 4a(n−2). r² − 4r + 4 = 0, அதாவது (r − 2)² = 0. இப்போது வரிசையின் ஒவ்வோர் எண்ணையும் 2ⁿ-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1/1, 4/2, 12/4, 32/8, 80/16, 192/32. வருவது 1, 2, 3, 4, 5, 6. ஒவ்வொன்றாக ஏறுகிற வரிசை, அதாவது n + 1. ஆக a(n) = (n + 1)·2ⁿ.

இது இந்த வரிசைக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. a(n) = 2ⁿ·b(n) என்று ரெக்கரன்ஸில் போட்டுச் சுருக்கினால் b(n) = 2b(n−1) − b(n−2) வரும். b(n) − b(n−1) = b(n−1) − b(n−2) என்று அதையே மாற்றி எழுதலாம். வித்தியாசம் மாறாத வரிசை, கூட்டுத் தொடர்வரிசை. ஆகவே மூலம் திரும்ப வந்தால் வடிவம் (A + Bn)·rⁿ. பாடத்தில் திடீரென்று முளைக்கிற அந்த n இங்கிருந்துதான் வருகிறது.

"ரெக்கரன்ஸ் கடைசியில + 2ன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. சிறப்பியல்புச் சமன்பாட்டுல அதை எங்க போடறது?"

எங்கேயும் போடக்கூடாது. முதலில் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, வழக்கம்போல 2, 3 என்ற மூலங்களைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த + 2-க்காகத் தனியே ஒரு மாறிலி தேடுங்கள். a(n) = 5a(n−1) − 6a(n−2) + 2 என்பதில் எல்லா உறுப்பும் k-ஆகவே இருந்தால் என்ன ஆகும்? k = 5k − 6k + 2, அதாவது k = 1. ஆகப் பொது வடிவம் A·2ⁿ + B·3ⁿ + 1.

தொடக்க மதிப்புகளைப் போடுவது இதற்குப் பிறகுதான். மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில். முதலிலேயே A = 1, B = 2 என்று முடித்துவிட்டுக் கடைசியில் 1-ஐ ஒட்டவைத்தால் a(0) = 4 ஆகிவிடும். சரியான வழியில் A + B + 1 = 3, 2A + 3B + 1 = 8. அதிலிருந்து B = 3, A = −1. a(n) = 3·3ⁿ − 2ⁿ + 1. சரிபார்ப்பு: n = 2-க்கு 27 − 4 + 1 = 24, ரெக்கரன்ஸிலும் 40 − 18 + 2 = 24.

எண்கள் மட்டும் உள்ள படத்திலும் இப்படி ஒரு மாறிலி ஒளிந்திருக்கலாம். 3, 8, 24, 74 என்ற நான்கையும் முதல் கேள்வியில் சொன்னபடி தீர்த்தால் p = 3.75 வரும். இப்படி அரைகுறையாக ஒரு கெழு வந்தால் மாறிலி இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அப்போது தெரியாதவை p, q, c என்று மூன்று. தீர்க்க ஐந்து எண் வேண்டும், சோதிக்க ஆறாவது. சிறப்பியல்புச் சமன்பாட்டுக்கு 1-உம் ஒரு மூலமாக இருந்துவிட்டால் மட்டும் k என்ற மாறிலி கிடைக்காது. அப்போது kn என்று போட்டுப் பார்க்க வேண்டும்.

"1, 1, 2, 3, 5, 8-க்கு மூலத்துல √5 வருது. தசமத்துல போட்டுக்கலாமா?"

சோதனைக்குப் போடலாம், விடையில் போடக்கூடாது. மூலம் (1 + √5)/2. அதை 1.62 என்று சுருக்கி 20-ஆவது உறுப்பு வரை கொண்டுபோனால் ஏறக்குறைய 6931 வரும். உண்மையான எண் 6765. தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இருபது தடவை பெருக்குப்பட்டு இவ்வளவு ஆகிவிடுகிறது. √5-ஐ அப்படியே வைத்து எழுதுங்கள்.

"தம்பி, எம் பொண்ணுக்கு நான்தான் படமெடுத்து அனுப்பறேன். எப்படி எடுத்தா உங்களுக்குத் தெளிவாத் தெரியும்?"

தாளைத் தரையிலோ மேசையிலோ விரித்துவைத்து, நேர் மேலேயிருந்து எடுங்கள் அக்கா. கையில் பிடித்து எடுத்தால் நம்மூர்க் காற்றுக்குத் தாள் நிற்காது. கேள்வியின் வலது ஓரமும் அதற்குக் கீழே உள்ள வரியும் கட்டாயம் படத்தில் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது, சின்ன எழுத்தும் தெரியும்.

"அப்போ எந்த வரிசையைக் கொடுத்தாலும் இந்த முறையில சூத்திரம் வந்துடுமா சார்?"

வராது. 1, 2, 6, 24, 120-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு எண்ணிலிருந்து p = 6, q = −6 என்று சுத்தமாக வரும். ஐந்தாவது உறுப்பு 6·24 − 6·6 = 108 என்று சொல்லும், ஆனால் இருப்பது 120. இது காரணீயப் பெருக்கம், a(n) = (n+1)·a(n−1). பெருக்குகிற எண்ணே ஒவ்வொரு படியிலும் மாறுகிறது. rⁿ போட்டுச் சுருக்கும்போது n போகாமல் உள்ளேயே தங்கிவிடும், அதனால் r-க்கு ஒரே மதிப்பு கிடைக்காது. விகிதத்தைப் பார்த்தாலும் தெரியும்: 2, 3, 4, 5 என்று ஏறிக்கொண்டே போகிறது, எங்கேயும் போய் நிற்பதாக இல்லை.

நேர்மாறான சிக்கலும் உண்டு. 2, 6, 18, 54 போட்டால் 6·6 − 2·18 = 0, வகுக்க வழியே இல்லை. p, q-க்கு எண்ணற்ற விடை இருக்கிறது என்று பொருள். வரிசை அவ்வளவு எளிமையானது, முந்தைய ஓர் உறுப்பே போதும்: a(n) = 3a(n−1). இதற்குப் போய் இருபடிச் சமன்பாடு எழுதாதீர்கள்.

இரண்டு உறுப்பு போதாமல் மூன்று உறுப்பை நம்பி நிற்கிற வரிசைகளும் வரும். அவற்றுக்குக் கெழுக்கள் மூன்று, சமன்பாடு மூன்று, அதற்கே ஆறு எண் செலவாகிவிடும். படத்தில் ஆறே எண்தான் இருக்கிறது என்றால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த மாதிரிப் படம் வந்தால் நான் விடை அனுப்புவதற்கு முன் அடுத்த எண்ணைத்தான் கேட்பேன்.